மேல்விஷாரம் டேனரியில் ஒரு 6 டன் இயந்திரத்தைத் தூக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தோல் பதனிடும் டேனரிகளில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், இயந்திரங்களை ஏற்றி இறக்கும் வேலையை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் ஒரே வேலையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மேல்விஷாரத்தில் ஒரு டேனரியிலிருந்து பழைய பிளெஷிங் மெஷினை, அதாவது தோலின் உட்புறச் சதையைச் சீவும் இயந்திரத்தை, வெளியே எடுத்து முற்றத்தில் நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும். அதன் இரு பக்கச் சட்டங்களிலும் தூக்குவதற்கான துளைகள் உள்ளன; துளைக்குத் துளை 3 மீட்டர்.

மெஷின் பிளேட்டில் 6,000 கிலோ என்று இருக்கிறது. அதையே எடையாக வைத்துக்கொள்ளலாமா?

அது புது இயந்திரத்தின் எடை. பல ஆண்டுகள் ஓடிய பிளெஷிங் மெஷினின் அடித்தட்டில் சுண்ணாம்பும் சதைக்கழிவும் சேர்ந்து கல்லாக இறுகியிருக்கும். ஹைட்ராலிக் டேங்கில் எண்ணெய் இருக்கும். முதலில் எண்ணெயை வடித்து, படிந்ததைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பிளேட்டில் உள்ள எண்ணுக்கு அருகில் வர முடியும்.

அதைவிட முக்கியமானது அஸ்திவார போல்ட். நான்கில் ஒன்றை அறுக்க மறந்துவிட்டால், அல்லது அடியில் ஊற்றிய சிமென்ட் பிடித்துக்கொண்டிருந்தால், கிரேன் 6 டன்னைத் தூக்குவதில்லை, தரையையே இழுக்கிறது. திடீரென்று அது விட்டுக்கொடுக்கும்போது சுமை துள்ளி, கிரேனின் நீண்ட கையான பூம் அடி வாங்கும். ஆகவே கொக்கியை மாட்டுவதற்கு முன்பே நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, அடியில் ஒரு தகடு தடையின்றி நுழைந்து வெளிவருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

கிரேனுக்கு மெஷின் மட்டும் சுமை அல்ல. கொக்கியும் அதன் கப்பித் தொகுதியும் 250 கிலோ, சுமையைக் கொக்கியில் தொங்கவிடும் ஸ்லிங்கும் அதைத் துளையில் மாட்டும் சாக்கிளும் 100 கிலோ என்று கொண்டால், எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் கிரேனின் லோட் சார்ட்டில் தேட வேண்டிய எடை 6,350 கிலோ.

20 டன் கிரேன் வருகிறது. 6 டனுக்கு அது தாராளம்தானே?

பெயரில் உள்ள 20 டன், பூம் மிகக் குட்டையாகவும் சுமை கிரேனுக்கு மிக அருகிலும் இருக்கும் ஒரே நிலைக்குரியது. நம் முற்றத்தில் அந்த நிலை ஒருபோதும் வராது. கிரேனால் எவ்வளவு தூக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது தூரம். கிரேனின் மேற்பகுதி எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த மையத்திலிருந்து, கொக்கிக்கு நேர் கீழே உள்ள புள்ளி வரை கிடைமட்டமாக அளக்கும் தூரத்தையே லோட் சார்ட் ரேடியஸ் என்கிறது. டேப்பின் நுனியை, கிரேன் சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் காலான அவுட்ரிகரின் ஓரத்தில் வைத்து அளந்துவிட்டு "5 மீட்டர்தான்" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மையத்திலிருந்து அளந்தால் அது ஏழரையாக இருக்கும்.

கணக்கை விளக்குவதற்காக ஒரு சார்ட்டை நாமே வைத்துக்கொள்வோம். உங்கள் கிரேனின் எண்கள் வேறாக இருக்கும். வண்டிக்குள் இருக்கும் அந்தக் கிரேனுக்குரிய சார்ட்டையே படிக்க வேண்டும். பூம் 14 மீட்டர், நான்கு அவுட்ரிகரும் முழுமையாக வெளியே என்ற பத்தியில், 6 மீட்டருக்கு 8.9 டன், 7 மீட்டருக்கு 7.2 டன், 8 மீட்டருக்கு 5.9 டன் என்று இருக்கட்டும். லாரி 7 மீட்டரில் நிற்கிறது. 6,350 கிலோ 7.2 டன்னுக்குள் அடங்குகிறது என்று தோன்றும். ஆனால் சுமை ஏறியதும் பூம் சற்று வளையும், அவுட்ரிகரின் அடி சற்று அழுந்தும், கொக்கி வெளியே நகரும். 7 மீட்டர் 7.3 ஆகும். இரண்டு வரிகளுக்கு இடையில் வரும் தூரத்துக்கு, மனக்கணக்கில் நடுவில் ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் தவறு. அடுத்த பெரிய தூரத்தின் வரியையே எடுக்க வேண்டும். அந்த வரி 5.9 டன். அப்போது இதே கிரேனால் இந்த வேலை முடியாது.

இதற்குப் பெரிய கிரேன் தேட வேண்டியதில்லை. லாரியை ஒன்றரை மீட்டர் அருகே நிறுத்தி 5.5 மீட்டரில் வேலையை வைத்தால், வளைந்து 5.8 ஆனாலும் 6 மீட்டர் வரியில் 8.9 டன் கிடைக்கிறது. நம் சுமை அதில் 71 சதவீதம். எடுக்கும் இடம், திரும்பும் வழி, வைக்கும் இடம் ஆகிய மூன்றிலும் எது அதிகத் தூரமோ அதற்கே கணக்கு. எடுக்கும் இடத்தை மட்டும் அளந்துவிட்டு, லாரியின் அந்தப் பக்கத்து ஓரத்தில் வைக்கப் பூமை நீட்டுவதால்தான் பல கிரேன்கள் சாய்கின்றன.

அவுட்ரிகரை ஒரு பக்கம் மட்டும் பாதி நீட்ட இடம் இருக்கிறது என்றால், முழுமையாக நீட்டியதற்கான பத்தி உங்களுக்குப் பொருந்தாது. பாதி நீட்டியதற்கு சார்ட்டில் தனிப் பத்தி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் தூக்கக் கூடாது.

சுமையைத் தூக்கியபடியே ஓடும் ஹைட்ரா கிரேனே போதாதா? அதைத்தானே எங்கள் ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்?

சமதளமான கான்கிரீட் தரையில், குறைந்த உயரத்தில், கிரேனுக்கு நேர் முன்னே இருக்கும் சுமைக்குப் போதலாம். ஆனால் நடுவில் மடிந்து திரும்பும் ஹைட்ரா, ஸ்டியரிங்கை ஒடித்த நிலையில் பக்கவாட்டு உறுதியை இழக்கிறது. நேராக இருக்கும்போது தாங்கும் சுமையை மடிந்திருக்கும்போது அது தாங்காது. சுமையோடு திரும்பும் இடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அதுவே கவிழப் போதுமானது. சுமை ஆடாமல் இருக்க உதவியாளர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடக்கும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். அவர் தடுக்கி விழுந்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. சுமையே அவரை மறைத்துக்கொண்டிருக்கும். சுமையின் இரு முனையிலும் நீளமான கைக்கயிறு கட்டி, பக்கவாட்டில் விலகி நின்று பிடிக்க வேண்டும்.

ஒரு ஸ்லிங் 5 டன். இரண்டு போட்டால் 10 டன். பிறகு கோணத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

செங்குத்தாகத் தொங்கும்போதுதான் அது 5 டன். இரண்டு ஸ்லிங்கும் ஒரே கொக்கிக்குச் சாய்ந்து போகும்போது, அவை சுமையைத் தாங்குவதோடு ஒன்றையொன்று எதிரெதிராக இழுக்கவும் செய்கின்றன. எவ்வளவு படுத்துக்கொள்கின்றனவோ அவ்வளவு வீணான இழுப்பு கூடுகிறது.

இதைக் கணக்கிட முக்கோணவியல் தேவையில்லை, டேப் போதும். ஸ்லிங்கின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கொக்கியிலிருந்து துளைகளின் மட்டம் வரை உள்ள செங்குத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து, சுமையின் பாதியால் பெருக்கினால், சமமாகப் பிரியும் சுமையில் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் வரும் இழுவிசை கிடைக்கும்.

நம் மெஷினில் பாதி 3,000 கிலோ. ஸ்லிங் 3 மீட்டர் என்றால், மூன்று பக்கமும் சமமாகி, ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நிற்கும், உயரம் 2.6 மீட்டர், இழுவிசை சுமார் 3,460 கிலோ. ஷெட்டின் வாசல் தாழ்வாக இருக்கிறது என்று 2 மீட்டர் ஸ்லிங்கைப் போட்டால் உயரம் 1.32 மீட்டராகக் குறையும். இழுவிசை 4,540 கிலோ ஆகும். இன்னும் குறைத்து 1.75 மீட்டர் போட்டால் உயரம் 90 சென்டிமீட்டர். இழுவிசை 5,820 கிலோ. மெஷின் ஒரு கிலோகூடக் கனக்கவில்லை, ஆனால் அதே 5 டன் ஸ்லிங் இப்போது தன் வரம்பைத் தாண்டிவிட்டது. 30 டிகிரியில் ஒவ்வொரு ஸ்லிங்கும் முழுச் சுமையையே சுமக்கிறது.

ஸ்லிங் தாங்கினாலும் மெஷின் தாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 1.75 மீட்டர் ஸ்லிங்கில் இரண்டு பக்கச் சட்டங்களும் ஏறக்குறைய 5 டன் விசையில் உள்நோக்கி நெருக்கப்படுகின்றன. வார்ப்பிரும்புச் சட்டம் அதில் விரிசல் விடும். பிளேடு உருளையின் பேரிங் கெடும். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரிக்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். 45 டிகிரிக்குக் கீழே நான் அனுமதிப்பதில்லை. உயரம் கிடைக்கவில்லை என்றால் குறுக்கு உத்தரம் எனப்படும் ஸ்பிரெடர் பீம் போட்டு ஸ்லிங்குகளைச் செங்குத்தாக்க வேண்டும், அல்லது மெஷினை உருளைகளின் மேல் வெளியே தள்ளிக்கொண்டுவந்து திறந்த முற்றத்தில் தூக்க வேண்டும்.

நான்கு ஸ்லிங் போட்டாலும் கணக்கை இரண்டுக்கே போடுங்கள். விறைப்பான சுமையில் நீளம் சற்று மாறினாலே எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு மட்டும் சுமக்கும், மற்ற இரண்டும் சும்மா தொங்கும்.

தூக்கியதும் மெஷின் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாயட்டும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. மோட்டாரும் கியரும் ஒரு பக்கம் இருப்பதால் எடையின் மையம் நடுவில் இல்லை. கொக்கி எப்போதும் அந்த மையத்துக்கு நேர் மேலே வந்து நிற்கப் பார்க்கும். அதற்காகவே மெஷின் சாய்கிறது. மையம் மோட்டார் பக்கத்துத் துளையிலிருந்து 1.2 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். அப்போது அந்த முனை 3,600 கிலோவையும் மறுமுனை 2,400 கிலோவையும் சுமக்கிறது. 2.6 மீட்டர் உயரத்தில் மட்டமாகத் தூக்க, மோட்டார் பக்கத்து ஸ்லிங் 2.86 மீட்டரும் மறுபக்கத்தது 3.16 மீட்டரும் இருக்க வேண்டும். இழுவிசை முறையே ஏறக்குறைய 3,970 மற்றும் 2,920 கிலோ. பாதிப் பாதி என்று எண்ணியிருந்தால் மோட்டார் பக்கத்தை 500 கிலோ குறைத்து மதிப்பிட்டிருப்போம்.

நடைமுறையில் மையம் எங்கே என்பது சோதனைத் தூக்கலில்தான் தெரியும். 10 சென்டிமீட்டர் உயர்த்தி நிறுத்துங்கள். தாழும் முனையே கனமான முனை. தரையில் திரும்ப வைத்து, அந்த முனையின் ஸ்லிங்கைக் குட்டையாக்குங்கள். நீளத்தைக் குறைத்துக்கொள்ளும் கொக்கி உள்ள செயின் ஸ்லிங் இதற்கு மிக வசதியானது. சாய்ந்த மெஷின்மேல் ஆளை ஏற்றிச் சமப்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன்; அதைச் சொல்லவே மனம் பதறுகிறது.

பெல்ட் ஸ்லிங் நன்றாகத்தான் இருக்கிறது. டேனரி பெல்ட்டில் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

சுண்ணாம்பு. நம் ஆலைகளில் முடி நீக்கும் இடத்துத் தரை முழுவதும் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த காரத் தண்ணீர் நிற்கும். சந்தையில் அதிகம் கிடைக்கும் பாலியெஸ்டர் பெல்ட்டைக் காரம் அரிக்கும். அமிலத்தை அது ஓரளவு தாங்கும். நைலான் பெல்ட் இதற்கு நேர்மாறு, காரத்தைத் தாங்கும், அமிலத்தில் கெடும். பெரும்பாலான பெல்ட்டுகளில் தைத்துள்ள லேபிள் நீலமாக இருந்தால் பாலியெஸ்டர், பச்சையாக இருந்தால் நைலான். பெல்ட்டின் நிறம் வேறு செய்தியைச் சொல்கிறது: வழக்கமான நிற முறையில் பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சிவப்பு 5 டன். ஆயினும் நிறத்தை நம்பாமல் லேபிளில் அச்சிட்ட எண்ணையே படியுங்கள். லேபிள் இல்லாத பெல்ட்டை ஒதுக்கிவிடுங்கள்.

காரம் பட்ட பெல்ட்டை விரல்களுக்கிடையில் மடித்துப் பாருங்கள். நல்ல பெல்ட் துணி போல வளையும். கெட்ட பெல்ட் அட்டை போல முறைத்து நிற்கும், மேல் இழைகளை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். கிழிசல் ஒன்றும் தெரியாவிட்டாலும் அது வேலைக்கு ஆகாது.

துளையில் சாக்கிள் மாட்டாமல் பெல்ட்டைச் சட்டத்தைச் சுற்றிச் சுருக்குப் போட்டால் அதன் திறன் 80 சதவீதமாகக் குறையும். 5 டன் பெல்ட் 4 டன் ஆகும். நம் மோட்டார் பக்கத்து 3,970 கிலோவுக்கு அதில் மிச்சமே இல்லை. வார்ப்புச் சட்டத்தின் கூர்மையான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் உறை போடாவிட்டால், எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

தரை கான்கிரீட்தானே, அவுட்ரிகருக்கு அடியில் கட்டை எதற்கு?

டேனரி முற்றத்தின் கான்கிரீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது பழைய ஆட்களுக்கு மட்டுமே தெரியும். மூடப்பட்ட சுண்ணாம்புத் தொட்டியும் கழிவுநீர்க் கால்வாயும் அங்கே சாதாரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டேனரியில், நான் நின்றுகொண்டிருந்த வேலையிலேயே, சோதனைத் தூக்கலில் சுமை 10 சென்டிமீட்டர் எழுந்ததும் பின்பக்க அவுட்ரிகர் ஒன்று சத்தமில்லாமல் கீழே இறங்கியது. மண்ணால் மறைந்திருந்த கால்வாய்ப் பலகைமேல் அதை வைத்திருந்தோம். சுமை உடனே தரையைத் தொட்டதால் கிரேன் நிமிர்ந்தது. அதை ஒரு மீட்டர் உயர்த்திய பிறகு அந்தப் பலகை உடைந்திருந்தால் நிமிர்ந்திருக்காது. முற்றத்தின் வரைபடத்தைக் கேட்காதது என் பிழை.

கிரேனின் சொந்த எடை 22 டன், சுமை 6 டன் என்றால் மொத்தம் 28 டன். பூம் ஒரு மூலைக்கு மேலே திரும்பும்போது அந்த ஒரு காலில் மொத்தத்தின் முக்கால் பங்கு வரை வரலாம் என்று கொள்வது வழக்கம். அது 21 டன். அவுட்ரிகரின் அடித்தட்டு 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 130 டன் அழுத்தம். ஒரு மீட்டர் சதுரமான கெட்டிக் கட்டை வைத்தால் அதே அழுத்தம் 21 டன்னாக இறங்குகிறது. கட்டை அடித்தட்டின் மையத்தில் இருக்க வேண்டும், பள்ளத்தின் ஓரத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். கட்டை கால்வாய்க்கு மருந்தல்ல. அங்கே இடத்தையே மாற்ற வேண்டும்.

சைகை கொடுப்பவர் தனியாக வேண்டுமா? ஆபரேட்டருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வேண்டும், ஒருவர் மட்டும். நம் ஆலைகளில் தமிழும் உருதும் பேசுபவர்களோடு வடமாநிலத்துத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். டிரம் ஓடும் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது. கைச்சைகை எல்லோருக்கும் பொது.

இங்கே ஒரு சொல் ஆபத்தானது: "இறக்கு". கொக்கியை இறக்குவதும் பூமை இறக்குவதும் ஒன்றல்ல. கொக்கியை இறக்கினால் ரேடியஸ் மாறாது; பூமை இறக்கினால் சுமை வெளியே போய், சார்ட்டில் அடுத்த வரிக்கு, அதாவது குறைந்த திறனுக்கு, நகர்கிறது. மேலே கணக்கிட்ட 8.9 டன் வரி 7.2 ஆவதற்கு இந்த ஒரு தவறு போதும். ஆகவே கொக்கிக்கு ஆள்காட்டி விரல், பூமுக்குக் கட்டைவிரல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியை உயர்த்த, முன்கையை நிமிர்த்தி ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். கொக்கியை இறக்க, கையைத் தாழ்த்தி விரலைத் தரையை நோக்கிக் காட்டிச் சுழற்ற வேண்டும். பூமை உயர்த்த, கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மடக்கி, கட்டைவிரலை மேலே காட்ட வேண்டும். பூமை இறக்கக் கட்டைவிரலைக் கீழே. நிறுத்த, உள்ளங்கை கீழே இருக்குமாறு கையை நீட்டிக் கிடைமட்டமாக அசைக்க வேண்டும். அவசரமாக நிறுத்த இரு கைகளாலும் அதையே செய்ய வேண்டும். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு உண்டு என்பதால், தொடங்குமுன் ஆபரேட்டரும் சைகையாளரும் எதிரெதிரே நின்று ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளட்டும்.

மற்ற எல்லாச் சைகையும் அந்த ஒருவருடையது. நிறுத்து என்பது மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் கீழ்ப்படிய வேண்டும். சைகையாளர் கண்ணில் படவில்லை என்றால் அதுவே நிறுத்து. அவர் கையில் கைக்கயிறோ போனோ இருக்கக் கூடாது.

கயிறு கட்டி ஆட்களை எவ்வளவு தூரம் நிறுத்த வேண்டும்?

சுமைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பதோடு எல்லை முடிவதில்லை. சுமை போகும் பாதை முழுவதும், அது விழுந்தால் உருளும் தூரமும் அதில் சேர வேண்டும். நம் மெஷின் மூன்றரை மீட்டர் நீளம். அது ஒரு முனையில் விழுந்து சாய்ந்தால் அதன் நீளம் முழுவதையும் எட்டும். ஆகவே பாதையின் இருபுறமும் குறைந்தது ஐந்து மீட்டர் விட்டுக் கட்டுகிறேன். திரும்பும் மையத்திலிருந்து பார்த்தால், 5.5 மீட்டர் ரேடியஸோடு ஐந்து சேர்ந்து, ஏறக்குறைய பத்தரை மீட்டர் ஆரத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் இருக்க வேண்டும். பக்கத்து ஷெட்டின் வாசல் அந்த வட்டத்துக்குள் வந்தால், தூக்கி முடிக்கும் வரை அந்த வாசலைப் பூட்டி, ஓர் ஆளைக் காவல் வையுங்கள். நாடா மட்டும் கட்டினால், டீ வாங்கப் போகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போவார்.

எல்லோரும் சுமையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கிரேனின் பின்பக்கம் மறந்துபோகிறது. பூம் இந்தப் பக்கம் திரும்பினால் எதிர்எடை அந்தப் பக்கம் திரும்பும். அதற்கும் சுவருக்கும் இடையில் குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துவிட வேண்டும்.

லாரியில் வைக்கும்போது ஆட்கள் கிட்டே வரத்தான் வேண்டும். மெஷின் லாரித் தளத்துக்கு ஒரு முழம் மேலே வந்து, நின்று, ஆட்டம் அடங்கிய பிறகே வரட்டும். அடியில் வைக்கும் கட்டையைத் தடியால் தள்ளுங்கள், கையை நுழைக்காதீர்கள்.

ஷெட்டுக்குள் கிரேன் போகாது. டிரஸ்ஸில் செயின் பிளாக் மாட்டித் தூக்கலாமா?

கூடாது. கூரைச் சட்டம் தகரத்தையும் காற்றையும் தாங்கக் கட்டப்பட்டது. அதன் கீழ்க்கம்பியின் நடுவில் 3 டன்னைத் தொங்கவிட அல்ல. தரையில் நிற்கும் கேன்ட்ரி சட்டத்தில் மாட்டுங்கள், அல்லது ஜாக்கியும் உருளையும் பயன்படுத்துங்கள். செயின் பிளாக்கில் ஒரு நல்ல அடையாளம் உண்டு: அதன் கைச்சங்கிலி ஓர் ஆள் இழுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. இரண்டாவது ஆளைக் கூப்பிடத் தோன்றினால் சுமை அதிகம், அல்லது எங்கோ போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறக்கிவிட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் கேட்டால் கிரேன்காரர் கோபித்துக்கொள்கிறார்.

கேட்கத்தான் வேண்டும். தூக்கும் இயந்திரத்தையும் சங்கிலி, ரோப், ஸ்லிங் ஆகியவற்றையும் தகுதி பெற்ற நபர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவில் விதித்த முறை. தாளில் உள்ள வண்டி எண்ணும் முற்றத்தில் நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்லிங்குக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அதிலுள்ள வரிசை எண் ஸ்லிங்கின் தகட்டில் அடித்த எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ஸ்லிங்கை இறக்கிவைத்துவிட்டு, பொருந்துவது வரும் வரை கிரேனைக் காக்க வையுங்கள். அந்த மணிநேர வாடகையை நான் கொடுத்திருக்கிறேன்.